சாட்சிக்கு எவ்வளவு தெரிந்தது? மர்மக் கதையில் இருட்டின் சொற்கள்

1858 மே மாதம் 7ஆம் தேதி. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பியர்ட்ஸ்டவுன் என்ற சிற்றூர் நீதிமன்றத்தில் ஒரு கொலை வழக்கு விசாரணைக்கு வந்தது. குற்றம் சாட்டப்பட்டவன் டஃப் ஆம்ஸ்ட்ராங் என்ற இளைஞன். முந்தைய ஆண்டு ஆகஸ்ட் 29 இரவு நடந்த சண்டையில் அவன் தாக்கியதால் மெட்ஸ்கர் என்பவர் இறந்துபோனார் என்பது குற்றச்சாட்டு. சார்லஸ் ஆலன் என்ற சாட்சி, ஏறத்தாழ 150 அடி தூரத்தில் நின்று எல்லாவற்றையும் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். ராத்திரி பதினோரு மணி வாக்கில் அவ்வளவு தூரத்தில் எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, நிலா உயரத்தில் நின்று நன்றாக வெளிச்சம் காட்டியது என்றார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதையே திரும்பத் திரும்பக் கேட்டு அவரை உறுதியாகச் சொல்லவைத்தார். பிறகு ஒரு பஞ்சாங்கத்தை எடுத்துப் பிரித்தார். அந்த நேரத்தில் நிலா மறையும் தறுவாயில் அடிவானத்தை ஒட்டிக் கிடந்தது. ஆம்ஸ்ட்ராங் விடுதலையானான். வழக்கறிஞரின் பெயர் ஆபிரகாம் லிங்கன். இறந்துபோன பழைய நண்பரின் மகனுக்காகக் காசு வாங்காமல் வாதாடியிருந்தார்.

மர்மக் கதை எழுதுகிறவர்கள் இந்த வழக்கை அடிக்கடி நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். காதல் கதையில் இருட்டு அழகுக்கு வரலாம். மர்மக் கதையில் இருட்டைப் பற்றி எழுதும் ஒவ்வொரு வரியும் ஒரு வாக்குமூலம். யாருக்கு என்ன தெரிந்திருக்கும், என்ன தெரிந்திருக்காது என்று அது சொல்லிவிடுகிறது. பின்னால் கதை அந்த வாக்குமூலத்துக்குக் கட்டுப்பட்டாக வேண்டும். ஆனாலும் நம்மிடம் உள்ள பழக்கம் வேறு. இரவு வந்தால் ‘கும்மிருட்டு’, கொஞ்சம் பயம் வேண்டுமென்றால் ‘மையிருட்டு’, நடை கனக்க வேண்டுமென்றால் ‘காரிருள்’. மூன்றும் ஒன்றுமே தெரியாத இருட்டைத்தான் சொல்கின்றன. அடுத்த பத்தியிலேயே கதாநாயகன் எதிரியின் கன்னத்து வடுவைப் பார்த்துவிடுவான்.

ஆங்கிலத்தில் எழுதப் பழகுகிறவர்களுக்குக் கிடைக்கும் சொல்பட்டியலில் இருட்டுக்கு மாற்றாக டிம், மர்க்கி, க்ளூமி, ஷேடோவி என்று நான்கு சொற்கள் ஒரே வரிசையில் நிற்கும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டுக்கொள்ளலாம் என்ற தோற்றத்தை அந்த வரிசை தருகிறது. உண்மையில் அவை நான்கு வெவ்வேறு தடைகள். முதலாவதில் வெளிச்சம் தரும் பொருளே பலவீனமாக இருக்கிறது. இரண்டாவதில் வெளிச்சம் போதும், ஆனால் நடுவில் உள்ள காற்றோ நீரோ கலங்கியிருக்கிறது. மூன்றாவதில் இடமும் பொழுதும் மனத்தின் மேல் கவிகின்றன. நான்காவதில் வெளிச்சம் நன்றாகவே அடிக்கிறது. ஏதோ ஒன்று அதை மறித்து நிற்கிறது. தமிழில் இவற்றுக்கு மங்கல், மூட்டம், களையிழப்பு, நிழல் என்று தனித்தனிப் புழக்கம் இருக்கிறது. எழுதுகிறவர் முதலில் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, ‘எவ்வளவு இருட்டு’ என்பதைவிட, ‘எதனால் தெரியவில்லை’ என்பதுதான்.

மூட்டத்துக்கு மர்ம இலக்கியத்தில் ஆகச் சிறந்த சான்று ஆர்தர் கானன் டாயிலின் ‘பாஸ்கர்வில் வேட்டைநாய்’. 1901 ஆகஸ்ட் முதல் 1902 ஏப்ரல் வரை ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் தொடராக வந்தது. அதன் உச்சக் காட்சி இரவில் நடக்கிறது. ஆனால் அது இருண்ட இரவல்ல. நிலா காய்கிறது. ஹோம்ஸும் வாட்சனும் லெஸ்ட்ரேடும் கொலைகாரன் வீட்டுக்குச் சற்றுத் தள்ளிப் பாறைகளிடையே பதுங்கியிருக்கிறார்கள். வீட்டுக்குள் விருந்து முடிந்து சர் ஹென்றி புறப்பட்டு இந்தப் பாதையில் நடந்து வருவார்; அவர் மேல் நாய் ஏவப்படும்; அப்போது பிடித்துவிடலாம் என்பது திட்டம். அந்த நேரத்தில் சதுப்பு நிலத்தின் மேலிருந்து மூடுபனி நகரத் தொடங்குகிறது. நிலா வெளிச்சத்தில் அது வெள்ளைவெளேரென்று இருக்கிறது. வீட்டை விழுங்கி, பாதையை நோக்கி வருகிறது. பனிக்கு வெளியே நிற்பதற்காக இவர்கள் பின்வாங்கிக்கொண்டே போகிறார்கள். கடைசியில் சர் ஹென்றி பனிக்குள்ளிருந்து தெளிந்த வெளிக்கு வருகிறார். அவருக்குப் பின்னால் பனியைக் கிழித்துக்கொண்டு, பாஸ்பரஸ் பூசிய வாயும் கண்ணும் எரிய, நாய் வருகிறது. பார்த்தவர்கள் திகைத்து நிற்கும் அந்தச் சில நொடிகளில் அது அவர்களைக் கடந்து ஓடிவிடுகிறது. அதைச் சந்திக்கத் தயாராக அந்தப் பனி நேரம் கொடுக்கவில்லை என்று ஹோம்ஸே பின்னால் ஒப்புக்கொள்கிறார்.

இந்தக் காட்சியில் பனியை எடுத்துவிட்டு வெறும் இருட்டைப் போட்டால் கதை விழுந்துவிடும். இருட்டாக இருந்தால், ஒளிரும் நாயைத் தூரத்திலேயே பார்த்துச் சுட்டிருக்கலாம். இருட்டு ஒரேயடியாக எங்கும் பரவுகிறது. மூட்டத்துக்கோ விளிம்பு உண்டு, நகர்ச்சி உண்டு. அந்த விளிம்பு நெருங்கி வருவதுதான் அங்கே பதற்றம். இன்னொன்றும் உண்டு. இருட்டில் விளக்கு உதவும், மூட்டத்தில் விளக்கு கெடுக்கும். பனியிலுள்ள நுண்துளிகள் ஒளியைச் சிதறடித்து விளக்குப் பிடித்தவர் கண்ணுக்கே திருப்பியனுப்புகின்றன. பனிக்காலத்தில் விடியற்காலையில் வண்டி ஓட்டியவர்களுக்கு இது தெரியும்: பெரிய வெளிச்சத்தைப் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர் எழும், விளக்கைத் தாழ்த்தினால் பாதை தெரியும். மேலும், மாறுபாடு குறைந்துபோவதால் மூட்டத்திலுள்ள பொருள் இருக்கும் தூரத்தைவிடத் தள்ளி இருப்பதுபோலத் தோன்றும். ‘ரொம்பத் தூரத்தில்தான் சார் போனான்’ என்று ஒருவர் சொல்வது பொய்யாக இல்லாமலேயே தவறாக இருக்கலாம்.

மூட்டத்துக்கு ஊரும் காலமும் கட்டாயம். லண்டனின் மஞ்சள் மூடுபனியில் பெரும்பங்கு நிலக்கரிப் புகை. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை நகரத்தை மூடிய புகைப்பனியில் ஆயிரக்கணக்கானோர் இறந்த பிறகு 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. அந்தப் பனி படிப்படியாக இல்லாமல் போயிற்று. ஆகவே, இன்றைய லண்டனில் நடக்கும் கதையில் மஞ்சள் பனியைக் கொண்டுவந்தால் அது இரவல் வாங்கிய அலங்காரம். நம் பக்கத்தில் டெல்டா வயல்களின் மேல் மார்கழி, தை விடியலில் மூட்டம் இறங்கும். வெயில் ஏறியதும் கலைந்துவிடும். நீலகிரியில் மழைக்காலத்துப் பகலிலேயே மேகம் தெருவுக்குள் வரும். சென்னையில் போகியன்று விடியலில் பழம்பொருள் எரித்த புகை பனியோடு சேர்ந்து விமானங்களைத் தாமதப்படுத்திய ஆண்டுகள் உண்டு. இவற்றில் எதை எடுத்தாலும் எத்தனை மணி வரை என்ற எல்லை அதிலேயே அடங்கியிருக்கிறது. மர்மக் கதைக்கு அந்த எல்லை கிடைப்பது பெரிய வரவு.

நிழலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். நிழல் அடர்வதற்கு எதிரே வெளிச்சம் வலுவாக இருக்க வேண்டும். வெயிலில் நின்று பழகிய கண்ணுக்குக் கோயில் பிராகாரத்துத் தூண்களின் பின்பக்கம் நட்டநடுப்பகலிலும் ஒன்றும் காட்டாது. ஆகவே ‘நிழலாடியது’ என்று எழுதும்போது விளக்கோ நிலாவோ வெயிலோ எங்கிருந்து அடிக்கிறது என்பதை எழுதியாக வேண்டும். எழுதினால், அங்கே நின்றவன் உருவம் எந்தச் சுவரில் எவ்வளவு நீளத்துக்கு விழும் என்பதும் தானாக வரும். எஸ். பாலசந்தர் இயக்கி 1954இல் வந்த ‘அந்த நாள்’ பாடலே இல்லாத மர்மப்படம். அதன் கறுப்பு வெள்ளைச் சட்டங்களைப் பாருங்கள். முகத்தின் ஒரு பாதி துலங்கி மறுபாதி மறைகிறது. யார் சொல்வது எவ்வளவு உண்மை என்ற கேள்வியில் ஓடும் கதைக்கு அந்த ஒளியமைப்பு முற்றிலும் பொருந்திப்போகிறது.

மனத்தின் மேல் கவியும் இருட்டை எழுதுவதில்தான் நாம் அதிகம் தடுமாறுகிறோம். ‘அந்த வீடு இருண்டு, சோகமே உருவாக நின்றது’ என்று நேரடியாகச் சொல்லிவிடுகிறோம். சார்லஸ் டிக்கன்ஸ் 1852இல் தொடராக எழுதத் தொடங்கிய ‘ப்ளீக் ஹவுஸ்’ நாவல் லண்டன் பனியில் தொடங்குகிறது. ஆங்கில நாவலில் துப்பறியும் காவல் அதிகாரி முக்கியப் பாத்திரமாக வந்த முன்னோடிகளில் அதுவும் ஒன்று. அதில் பனி முதலில் ஆற்றின் மேலும் கப்பல்களின் மேலும் மனிதர்களின் தொண்டையிலும் உண்மையான பனியாக வருகிறது. அதற்குப் பிறகே நீதிமன்றத்தின் மேல் கவிந்து, தலைமுறை தலைமுறையாக முடியாத வழக்கின் குழப்பமாக மாறுகிறது. கண்ணுக்குக் காட்டிய பிறகு மனத்துக்குக் கொண்டுபோகும் அந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்.

தமிழில் இதற்கு இன்னும் கூர்மையான வழி ஒன்று இருக்கிறது. நம் வீடுகளில் அந்தியில் விளக்கு ஏற்றியாக வேண்டும். ‘விளக்கு வைக்கிற நேரம்’ என்பதே ஒரு பொழுதின் பெயர். அந்த நேரத்தில் ஒரு வீடு இருண்டு கிடந்தால், தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். உள்ளே யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று தோன்றும். திறந்த கதவு, தெளிக்காத வாசல், ஏற்றாத விளக்கு: இவ்வளவு போதும். துக்கம், சோகம், பயங்கரம் என்ற ஒரு சொல்லும் வேண்டாம். கவிந்த வானத்துக்கு ‘மப்பும் மந்தாரமும்’ என்று ஒரு வழக்கு இருக்கிறது. பகல் முழுக்க வெயில் இல்லாமல், மழையும் பெய்யாமல் மூடிக் கிடக்கும் நாளின் இறுக்கத்தை அது அப்படியே தந்துவிடுகிறது. ‘மந்தமான சூழல்’ என்று மொழிபெயர்ப்பு வாடையோடு எழுதுவதற்கு அவசியமே இல்லை.

இனி மங்கலுக்கு வருகிறேன். மர்மக் கதையின் பெரும்பாலான காட்சிகள் நடப்பது இதில்தான். தவறுகள் நடப்பதும் இதில்தான்.

ஒளியின் அளவை லக்ஸ் என்று கணக்கிடுகிறார்கள். ஒரு மெழுகுவத்தி ஒரு மீட்டர் தூரத்தில் தரும் வெளிச்சம் ஏறத்தாழ 1 லக்ஸ். நல்ல வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். பௌர்ணமி நிலா உச்சியில் நிற்கும்போதுகூடக் கால் லக்ஸ் அளவுதான். நிலவில்லாத, மேகமில்லாத இரவின் வெறும் விண்மீன் வெளிச்சம் அதிலும் நூறில் ஒரு பங்குக்கும் கீழே. வில்லெம் வாகெனார் என்ற டச்சு உளவியலாளரும் உடன் ஆய்வாளரும் 1996இல், நீதிமன்றங்களின் உபயோகத்துக்காக ஒரு கைக்கணக்கை வெளியிட்டார்கள். முன்பின் தெரியாத ஒருவரின் முகத்தைப் பார்த்துப் பின்னால் அடையாளம் காட்டுவதை நம்ப வேண்டுமானால், வெளிச்சம் குறைந்தது 15 லக்ஸ் இருக்க வேண்டும். தூரம் 15 மீட்டரைத் தாண்டக் கூடாது. இதை சார்லஸ் ஆலன் சாட்சியத்தின் மேல் வைத்துப் பாருங்கள். 150 அடி என்பது ஏறத்தாழ 46 மீட்டர். நிலா அவர் சொன்னதுபோல உச்சியிலேயே நின்றிருந்தாலும், வெளிச்சம் கால் லக்ஸைத் தாண்டியிருக்காது. பஞ்சாங்கமே இல்லாமலும் அந்தச் சாட்சியம் சந்தேகத்துக்குரியதுதான். ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது: பழகிய ஆளை நாம் முகத்தால் மட்டும் அறிவதில்லை. நடை, தோள் சாய்வு, செருமல் எல்லாம் காட்டிக்கொடுக்கும். ‘முகம் தெரியலை, ஆனா நடை அவன் நடைதான்’ என்று கதையில் ஒருவர் சொன்னால் அது நம்பத்தக்க வாக்குமூலம்.

கண்ணும் தன் பங்குக்கு நேரம் எடுத்துக்கொள்கிறது. விழித்திரையில் நிறத்துக்கும் நுட்பத்துக்கும் கூம்புச் செல்கள், மங்கலுக்குக் கோல் செல்கள். வெளிச்சமான அறையிலிருந்து கொல்லைப்புறத்துக்கு வந்தவருக்கு முதல் சில நிமிடங்கள் ஏறக்குறையக் குருடு. கூம்புகள் பத்து நிமிடத்தில் தம்மால் ஆனமட்டும் பழகிவிடும். கோல்கள் முழுமையாகப் பழக அரைமணி நேரமாவது வேண்டும். ஆகவே, கிணற்றடியில் அரைமணி நேரமாகக் காத்திருப்பவனும் சமையலறை விளக்கடியிலிருந்து அப்போதுதான் வெளியே வந்தவளும் ஒரே இருட்டில் நிற்கவில்லை. அவனுக்கு அவள் தெரிவாள், அவளுக்கு அவன் தெரிய மாட்டான். அவள் கையில் அரிக்கேன் விளக்கைக் கொடுத்தால் நிலைமை இன்னும் மோசம். விளக்கைப் பிடித்திருப்பவர்தான் சுற்றியுள்ள எல்லோரிலும் நன்றாகத் தெரிபவர். அந்த வட்டத்துக்கு வெளியே மிகக் குறைவாகப் பார்ப்பவரும் அவரே. பயந்த பாத்திரத்தின் கையில் விளக்கைக் கொடுக்கும் எழுத்தாளர், அதனால் அந்தப் பாத்திரம் கூடுதல் ஆபத்தில் விழுவதையும் சேர்த்து எழுத வேண்டும்.

இன்னொரு நுட்பம். விழித்திரையின் நட்டநடுவில் கோல் செல்கள் இல்லை. அதனால் மங்கலில் ஒரு பொருளை நேரே உற்றுப் பார்த்தால் அது மறையும். சற்று ஓரமாகப் பார்த்தால் தெரியும். கடைக்கண்ணில் பட்ட உருவம் திரும்பிப் பார்த்ததும் காணாமல்போவதைப் பேய்க்கதைகள் காலங்காலமாகச் சொல்லி வருகின்றன. அதில் பொய்யே இல்லை, பேயும் தேவையில்லை.

மங்கலின் நடுவே நம் மொழி தனியாகப் பிரித்து வைத்திருக்கும் பொழுது அந்தி. கருக்கல், மசங்கல், செக்கல், மைம்மல் என்று ஊருக்கு ஊர் பெயர். பின்னிரண்டையும் ஈழத்து எழுத்தில் இன்றும் காணலாம். இவற்றில் கருக்கல் மாலைக்கும் வரும், விடியலுக்கும் வரும்; எழுதும்போது ‘விடியக் கருக்கல்’ என்றோ ‘பொழுது மசங்கி’ என்றோ தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பொழுதை இப்படி நுணுகிப் பிரிப்பது நமக்குப் பழையது. தொல்காப்பியப் பொருளிலக்கணம் ஒரு நாளைச் சிறுபொழுதுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு நிலத்தோடும் ஒரு மனநிலையோடும் சேர்த்தது. மாலை காத்திருப்புக்கு, யாமம் களவுச் சந்திப்புக்கு. தலைவன் இரவில் மறைந்து வரும் ‘இரவுக்குறி’ப் பாடல்களில் வழியின் இருளும் மழையும் விலங்குகளும் அஞ்சத்தக்கவையாக வருவது கதைநிலையின் தேவை. எந்தப் பொழுது என்பதை முதற்பொருள் என்றே அந்த இலக்கணம் வைத்தது.

நம் அந்தி குறுகியது. இதைத்தான் மேல்நாட்டு மர்மக் கதைகளைப் படித்து எழுத வருகிறவர்கள் தவறவிடுகிறார்கள். சூரியன் மறைந்து அடிவானத்துக்குக் கீழே 6 பாகை இறங்கும் வரை விளக்கில்லாமல் வெளி வேலை பார்க்கலாம். தமிழ்நாட்டின் அட்சரேகையில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குவதால் இதற்கு ஏறத்தாழ 22 நிமிடம்தான், ஒரு நாழிகையை ஒட்டிய கணக்கு. அடுத்த 6 பாகைக்கு இன்னொரு நாழிகை. ஆக, சூரியன் மறைந்து முக்கால் மணி, ஐம்பது நிமிடத்தில் இருட்டி முடிந்துவிடும். லண்டனில் ஜூன் மாதக் கடைசியில் முதல் கட்டத்துக்கு மட்டுமே முக்கால் மணி நேரம் ஆகும். அந்த நாட்களில் நள்ளிரவிலும் சூரியன் 18 பாகைக்குக் கீழே போவதில்லை என்பதால் முழு இருட்டே வராது. அங்கே கதாபாத்திரங்கள் அந்தி மங்கலில் தோட்டத்தைச் சுற்றி நடந்து, பேசி, சந்தேகப்பட்டு, திரும்பி வரலாம். நம் ஊரில் தேநீர் குடித்து முடிப்பதற்குள் முகம் மறைந்துவிடும். நேரக் கணக்கில் சிக்கவைக்கும் கதைக்கு இந்தக் குறுகிய அந்தி அருமையான கருவி. ஏனென்றால், 6.20க்குப் பார்த்தவருக்குத் தெரிந்தது 6.45க்குப் பார்த்தவருக்குத் தெரியாது.

அந்த இருபத்தைந்து நிமிடத்தில் வெளிச்சம் குறைவதோடு நிறமும் மாறுகிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யான் புர்கின்யே என்ற செக் நாட்டு உடலியலாளர், விடியலுக்கு முந்தைய மங்கலில் சிவப்புப் பொருள்கள் கறுத்துத் தெரிவதையும் நீலம் முதலில் துலங்குவதையும் கவனித்து எழுதினார். கூம்புகள் ஓய்ந்து கோல்கள் வேலையை எடுத்துக்கொள்ளும்போது இது நடக்கிறது. கோல்களுக்குச் சிவப்பு ஒளி ஏறத்தாழத் தெரியாது. நீலப்பச்சை நன்றாகத் தெரியும். பகலில் ஒரே அளவு துலக்கமாகத் தெரிந்த சிவப்புச் சேலையும் நீலச் சேலையும் அந்தியின் இரண்டாம் நாழிகையில் பிரிந்துவிடும்: ஒன்று கறுக்கும், மற்றது நிறம் இழந்து வெளிறும்.

இதை வைத்து ஒரு காட்சியைக் கட்டிப் பார்ப்போம். டெல்டாவில் ஓர் ஊர், புரட்டாசி மாதம். சூரியன் 6 மணியை ஒட்டி மறைகிறது. தேய்பிறை பத்தாம் நாள். நிலா நள்ளிரவு தாண்டித்தான் வரும். மறுநாள் காலையில் படித்துறையில் ஒரு பெண்ணின் உடல் ஒதுங்குகிறது. அவள் உடுத்தியிருப்பது அரக்குச் சிவப்புச் சேலை. இரண்டு பேர் சாட்சி சொல்கிறார்கள். வலை வீசப்போன மாணிக்கம், ‘ஆறேமுக்கால் இருக்குங்க, அக்கரையிலிருந்து பார்த்தேன், கறுப்புச் சேலை கட்டிக்கிட்டுப் படியில நின்னாங்க’ என்கிறார். அவளுடைய கொழுந்தன் கணேசன், வயலிலிருந்து திரும்பும்போது அதே நேரத்தில் அதே அக்கரையிலிருந்து பார்த்ததாகச் சொல்கிறான்: ‘சிவப்புச் சேலையில அண்ணி நின்னாங்க, பக்கத்துல யாரோ ஒரு ஆள்.’ காவல் துறை மாணிக்கத்தைச் சந்தேகிக்கிறது, சேலையின் நிறத்தையே தப்பாகச் சொல்கிறாரே என்று. வாசகரும் அப்படித்தான் நினைப்பார்.

விசாரணை அதிகாரி மறுநாள் மாலை அதே சேலையைப் படித்துறையில் கட்டித் தொங்கவிட்டு, அக்கரையில் போய் நிற்கிறார். 6.15க்குச் சிவப்பாகத் தெரிகிறது. 6.45க்கு, வானத்தின் மிச்ச வெளிச்சத்தை வாங்கிக்கொண்டிருக்கும் ஆற்றுநீரின் முன்னால், சேலை சுத்தக் கறுப்பு. உண்மையாகவே அந்த நேரத்தில் பார்த்தவருக்கு அது கறுப்பாக மட்டுமே தெரிந்திருக்க முடியும். சிவப்பு என்று சொன்னவன் அந்தச் சேலையை வேறெங்கோ வெளிச்சத்தில் பார்த்திருக்கிறான், அநேகமாக வீட்டுக்குள், விளக்கடியில். பொய்யின் நுனி கையில் கிடைத்துவிட்டது.

இது நியாயமான புதிராக நிற்க வேண்டுமானால், தடயத்தை முன்பே வாசகர் கண்ணில் வைத்திருக்க வேண்டும். 1929இல் ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைக்கு வகுத்த பத்து விதிகளில், துப்பறிபவர் கண்ட தடயம் வாசகருக்கும் உடனே காட்டப்பட வேண்டும் என்பது ஒன்று. இங்கேதான் சொல்தேர்வு வருகிறது. ‘இருள் சூழ்ந்த படித்துறை’ என்று எழுதினால் அதில் தடயம் இல்லை. ‘கருக்கல் கூடிவிட்டது. படியில் யாரோ துவைத்து மறந்துபோன நீலத் துண்டு மட்டும் வெளிறித் தெரிந்தது’ என்று முதல் அத்தியாயத்திலேயே எழுதினால், நீலம் வெளிறும் நேரம் அது என்று சொல்லியாகிவிட்டது. சிவப்பு என்ன ஆகும் என்பதை வாசகர் யோசித்திருக்கலாம். யோசிக்காவிட்டால் அது எழுத்தாளரின் வெற்றி.

ஓட்டைகளையும் அடைக்க வேண்டும். படித்துறையில் தெருவிளக்கு எரிந்தால் இந்தப் புதிர் நிற்காது. எரியாததற்குக் காரணம் வேண்டும். விளக்கு எரிவதாக வைத்துக்கொண்டால் அது எந்த விளக்கு என்பது முக்கியம். பழைய மஞ்சள் சோடியம் விளக்கின் கீழே கறுத்துப்போவது நீலம். நம் நாட்டில் 2015க்குப் பிறகு பெருமளவில் வந்த வெள்ளை எல்.இ.டி. விளக்கின் கீழே நிறங்கள் ஓரளவு சரியாகவே தெரியும். அதே கொலை, அதே படித்துறை, 1995இல் நடந்தால் ஒரு சாட்சியம், 2020இல் நடந்தால் வேறொரு சாட்சியம். கணேசன் கையில் டார்ச் இருந்ததா, மின்னல் வெட்டியதா, அக்கரை எத்தனை மீட்டர் என்பதையும் எழுதுகிறவர் முடிவு செய்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் கதையில் சொல்ல வேண்டியதில்லை. கேட்டால் பதில் இருக்க வேண்டும்.

இரவுக் காட்சி எழுதப்போகும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். கதை நடக்கும் ஆண்டின் பஞ்சாங்கத்தைத் தேடி எடுங்கள். அன்று என்ன திதி, முன்னிலாவா பின்னிலாவா, சூரியன் எப்போது மறைந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அதே மாதத்தில், அதே நேரத்தில், அதுபோன்ற ஓர் இடத்தில் விளக்கில்லாமல் அரைமணி நேரம் நின்று, எது முதலில் மறைகிறது என்று பாருங்கள். அதன் பிறகு கருக்கலா, மங்கலா, மூட்டமா, நிழலா என்பதை நீங்கள் அகராதியில் தேட வேண்டியிருக்காது.